விவாகமாகாதவர்

ஞானேஸ்வரியின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது தெல்தோட்டைக்கு மேலே அவர்கள் வாழ்ந்த தேயிலைத் தோட்டத்தில் அப்படியொரு பெறுபேறு அதுவரை வந்ததில்லை. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி. சாதாரண தரத்தில் தமிழும் கணிதமும் திறமைச் சித்தி. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த அவளுடைய அப்பா அழகையா, அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தார். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாது. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்குத் தாராளமாகப் போதும் என்று பாடசாலை அதிபர் சொன்னார்.

கல்வியியற் கல்லூரிக்கென்று தனியாக எழுத்துப் பரீட்சை கிடையாது. உயர்தரத்தில் கிடைத்த இஸட் புள்ளிதான் நுழைவு. அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வரும், விண்ணப்பிக்க வேண்டும். பிரதேச செயலகப் பிரிவு, மாவட்டம் என்று வரிசைப்படுத்தி நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே அறிவித்தல் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அவள் காத்திருந்தாள். வருடம் ஒன்று போயிற்று. அவளுடைய ஆண்டில் பரீட்சை எழுதியவர்களுக்கு அறிவித்தல் வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று அதிபரும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்.

அந்தக் காத்திருப்புக்குள்தான் அது நடந்தது. அழகையாவின் தங்கை சுப்பம்மா மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், சீக்கிரமே கணவனை இழந்து, ஒரே மகன் சிவனேசனை வளர்த்தவள். சிவனேசனுக்குக் கத்தாரில் கட்டட வேலை சரிவந்தது. போகுமுன் அவனுக்கும் ஞானேஸ்வரிக்கும் எழுத்தாவது, அதாவது விவாகப் பதிவாவது, வைத்துவிட்டால் மனசு நிம்மதியாயிருக்கும் என்று சுப்பம்மா அண்ணனிடம் வந்து நின்றாள். தாலி, பந்தல், சாப்பாடு எல்லாம் அவன் திரும்பி வந்த பிறகு.

"எழுத்து மட்டுந்தானே புள்ள. சும்மா ஒரு கையெழுத்து," என்றார் அழகையா.

ஞானேஸ்வரி மறுக்கவில்லை. சிவனேசனை அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை. ஒரு புதன்கிழமை காலை கண்டியில் விவாகப் பதிவாளருடைய அறையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து அழகையா, சுப்பம்மாவோடு நால்வருமாக ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு, அவன் மடுல்கெல்ல பஸ்ஸிலும் அவள் தெல்தோட்டை பஸ்ஸிலும் ஏறினார்கள். அதற்குமேல் அவர்கள் தனியாக ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. பத்து நாளில் அவன் விமானம் ஏறிவிட்டான்.

ஏழு வாரம் கழித்து வர்த்தமானி வந்தது.

அறிவித்தலை அவள் அதிபரின் அறையில் நின்றபடி வாசித்தாள். இலங்கைப் பிரசையாயிருத்தல் வேண்டும். இருபத்தைந்து வயதுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். விவாகமாகாதவராயிருத்தல் வேண்டும். அந்த வரியில் அவள் விரல் நின்றது. தகைமையில்லாதவர் எனப் பின்னர் தெரியவந்தால் பயிற்சியின் எந்தக் கட்டத்திலும் நீக்கப்படுவார் என்று கடைசியில் வேறு இருந்தது.

வீட்டில் அன்று பெரிய யோசனையெல்லாம் நடக்கவில்லை. அழகையாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. "தாலி கட்டினியா? அவன் வீட்டுல போயி வாழ்ந்தியா? பொறகு எப்பிடிக் கல்யாணம் ஆனவளாவ?" என்றார். தாய் நல்லம்மாவும் அதைத்தான் சொன்னாள். தோட்டத்து லயத்து வீடுகளில் எவரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள். கத்தாரிலிருந்து சிவனேசனும் சொன்னான். "நீ படிச்சு முடி ஈஸ்வரி. யாருக்கும் சொல்லிக்க வேணாம். முடிச்சதும் நான் வந்து தாலி கட்டுறேன்."

சட்டம் எது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. பதிவேட்டில் போட்ட கையெழுத்துத்தான் விவாகம். ஆனாலும் அன்று அவளுக்கு இருபத்தொரு வயது. படிவத்தில் விவாகமாகாதவர் என்ற கட்டத்தில் சரி போட்டாள்.

நேர்முகப் பரீட்சைக்கு ஜீ.எஸ். எனப்படும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வேண்டும். அவர்களுடைய கிராம உத்தியோகத்தர் பளீல் நேர்மையான மனிதர். இருபது வருடமாக அந்தப் பிரிவில் இருப்பவர். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "மகளுக்கு இன்னும் கலியாணம் காட்சி ஒண்டும் ஆகலதானே?" என்று அழகையாவிடம் கேட்டார். "இல்லீங்க ஐயா," என்றார் அழகையா. பளீல் அப்படியே எழுதி முத்திரை குத்தினார். பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டார். நேர்முகத்தில் மூல சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த மூவரும் அந்தக் கடதாசியையும் புரட்டினார்கள். ஒருவர் மட்டும் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்ன பதில் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆரம்பக் கல்விப் பாடநெறிக்கு அவள் பெயர் வந்தது.

இரண்டு வருடம் விடுதியில். ஐந்து மணிக்கு எழுந்து, வெள்ளைச் சேலை உடுத்தி, உளவியலும் கற்பித்தல் முறையும் படித்து, இடையிடையே பக்கத்துப் பாடசாலைகளில் சில வாரக் கற்பித்தல் பயிற்சி. அவள் நன்றாகச் செய்தாள். சிவனேசன் மாதத்தில் ஒருமுறை, அவள் வீட்டுக்கு வரும் நாளாகப் பார்த்துத்தான் தொலைபேசியில் பேசுவான். விடுதிக்கு ஒருபோதும் எடுக்கவில்லை. மூன்றாம் வருடம் கட்டுறுப் பயிற்சி. சம்பளமில்லாத முழு ஆசிரியராக ஒரு பாடசாலையில் ஒரு வருடம் படிப்பிக்க வேண்டும். தினமும் பாடக் குறிப்பு, பிரதிபலிப்புக் குறிப்பேடு, ஒரு பிள்ளையைப் பற்றிய தனியாள் ஆய்வு, செயல்நிலை ஆய்வு. கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து பார்ப்பார். கடைசியில் இறுதி மதிப்பீட்டுப் பாடம். அவளுக்குத் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை கிடைத்தது. தரம் இரண்டு, முப்பத்தொரு பிள்ளைகள்.

அவர்களில் லோஜினி என்றொரு பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை. தாய் குவைத்தில். தனியாள் ஆய்வுக்கு ஞானேஸ்வரி அவளைத்தான் எடுத்திருந்தாள். பத்து மாதத்தில் லோஜினி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு வந்திருந்தாள். பேச்சு மட்டும் இல்லை.

கட்டுறுப் பயிற்சி முடிய ஏழு வாரமிருக்கையில் சிவனேசன் செத்துப்போனான்.

கூட இருந்தவர்கள் சொன்னது இதுதான்: வெயிலில் வேலை முடித்து வந்தான், தலை வலிக்கிறதென்று படுத்தான், விடியற்காலை எழுப்பியபோது எழும்பவில்லை. இருபத்தெட்டு வயது. அழகையா பாடசாலை வாசலில் வந்து நின்று இதைச் சொன்னபோது ஞானேஸ்வரி கையில் வெண்கட்டியோடு நின்றாள். அதிபரிடம் போய், "மச்சான் முறையான ஒருத்தர் தவறிட்டாருங்க சேர், அரை நாள் லீவு வேணும்," என்று கேட்டாள். அந்த வாக்கியத்தைச் சொன்ன தன் குரலை அவளுக்குப் பிறகு வெகு நாள் மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அழகையா, சுப்பம்மா, ஞானேஸ்வரி மூவரும் கண்டிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போனார்கள். வெளிநாட்டில் இறந்தவரின் உடலைக் கொண்டுவர நெருங்கிய உறவினர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் கோப்பைத் திறந்து பார்த்தாள். சிங்களம் கலந்த தமிழில் பொறுமையாகத்தான் பேசினாள்.

"இவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியக்குள்ள மனைவி பேர் குடுத்திருக்கார். ஞானேஸ்வரி அழகையா. மனைவி இருந்தா மனைவிதான் கையெழுத்து வைக்கணும். விவாகச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, மனைவிட ஜீ.எஸ். சான்றிதழ், மூணும் வேணும்."

"நான் பெத்த தாயிங்க," என்றாள் சுப்பம்மா.

"தெரியும் அம்மே. ஆனா மனைவி இருக்கிறார்தானே."

அழகையா மகளைப் பார்க்காமல் கேட்டார். "கொஞ்ச நாள் கழிச்சு இதைக் குடுத்தா ஒண்ணும் இல்லீங்களா? ரெண்டு மாசம் கழிச்சு?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை. "உடம்பு அங்க ஆஸ்பத்திரி மோச்சரியில இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

வெளியே படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். அழகையா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் இறுதி மதிப்பீடு. அதற்குப் பிறகு நான்கு வாரம். அது முடிந்துவிட்டால் சான்றிதழ், பிறகு நியமனம். மகனைப் போல் வளர்ந்தவன் இறந்திருக்கிறான் என்ற துக்கமும் அவருக்கு இருந்தது. இந்தக் கணக்கும் இருந்தது. இரண்டுமே உண்மைதான்.

சுப்பம்மா அழவில்லை. எதிரே நின்ற வாகனங்களைப் பார்த்திருந்துவிட்டு மருமகளிடம் திரும்பினாள்.

"எத்தன மாசம் புள்ள, ஒனக்கு முடிய?"

"ஏழு வாரம் அத்தை."

"நான் பொறுத்துக்கிறேன். அவனும் ஒனக்காவத்தான் இத்தன நாளு வாயத் தொறக்காம இருந்தான்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அங்க ஐஸ்ல வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க. கெட்டுப்போகாதாம்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் ஞானேஸ்வரி தாங்கியிருப்பாள். மடியைப் பிடித்து இழுத்திருந்தாலும் தாங்கியிருப்பாள். பொறுத்துக்கொள்கிறேன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் வகுப்பில் நின்று பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டதும், இன்றைக்கும் அவன் அங்கேதான் கிடக்கிறான் என்று நினைத்தாள். அவன் இறந்த பதினோராம் நாள் நேராகப் பளீலின் காரியாலயத்துக்குப் போனாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

பளீல் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"மகள், மூணு வருசத்துக்கு முந்தி ஒங்கட வாப்பா எனக்கிட்ட என்ன சொன்னார்?"

"அப்பா பொய் சொல்லலீங்க ஐயா. அவருக்கு அது கல்யாணமே இல்ல. எனக்குத்தான் தெரியும்."

"நான் கையெழுத்து வச்சிருக்கேன். விவாகமாகாதவர் எண்டு. அது காலேஜ் பைல்ல கெடக்கு. இப்ப இன்னாருட மனைவி எண்டு எழுதணும். திகதியப் பாத்தா எவனுக்கும் விளங்கும். ஒரே கையால ரெண்டையும் எழுதிட்டு நான் சும்மா இருக்க ஏலா. இன்னம் நாலு வருசத்துல பென்சன்."

"எழுதிக் குடுங்க ஐயா. ஒங்களுக்குப் பழி வர நான் விடமாட்டேன்."

அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். திரும்பி வந்து எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி எடுத்தவர், குத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே காலேஜுக்கு எழுதுங்க. நான் முந்தி எழுதினா அது முறைப்பாடு. நீங்க எழுதினா, தெரியாம நடந்துட்டு எண்டு பாப்பாங்க, அல்லா நாடினா. ரெண்டு கிழமைக்கு நான் ஒண்டும் அனுப்பல்ல." பிறகு குத்தினார்.

அதிலிருந்து எட்டாம் நாள் உடல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்தது. கையெழுத்து வைத்து வாங்கியவள் ஞானேஸ்வரிதான். மடுல்கெல்லத் தோட்டத்தில் மழைக்கிடையில் அடக்கம் நடந்தது. அங்கே அவளை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. பெண்டாட்டி என்று பெட்டியருகே உட்கார வைத்தார்கள். கழற்றத் தாலி இல்லை, பொட்டை அழிக்க வந்த கிழவி பாதி வழியில் நின்று, "கட்டாத புள்ளைக்கு இதெல்லாம் செய்யலாமா?" என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஞானேஸ்வரி தானே முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அவன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கல்லூரிப் பீடாதிபதிக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாள். திகதிகளை ஒழுங்காக எழுதியிருந்தாள். தெரிந்தே சரி போட்டேன் என்றும் எழுதினாள். தெரியாது என்று எழுதும்படி அழகையா கெஞ்சினார், அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை இறுதி மதிப்பீடு. வந்தவர் ராஜரத்தினம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், கணிதம் கற்பித்தல் முறை படிப்பித்தவர். கடிதம் இன்னும் அவர் கண்ணில் படவில்லை என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. வகுப்பின் பின்னால் சின்னக் கதிரையொன்றில் உட்கார்ந்து மதிப்பீட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

பாடம், பத்துகளும் ஒன்றுகளும். அவள் ஈர்க்குகளை ஒரே அளவாக வெட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து பத்துப் பத்தாக எண்ணி நூலால் கட்டினார்கள். மிஞ்சியவை தனி. முப்பத்தி நாலு எத்தனை கட்டு, எத்தனை தனி. ஒரு குழு இருபத்தொன்பதைக் கட்ட முடியாமல் சண்டை பிடித்தது. அவள் பதில் சொல்லாமல் இன்னுமொரு ஈர்க்கை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஒரு கணத்தில் அங்கே பெரிய கூச்சல் எழுந்தது, மூன்றாவது கட்டு வந்துவிட்டதென்று. பின்னால் ராஜரத்தினம் சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் அவள் எல்லாவற்றையும் மறந்திருந்தாள். மணி அடித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

ஆசிரியர் அறையில் அவர் தாளை அவளுக்கு முன்னால் வைத்தார். "பிள்ளை, நான் இருபத்திரண்டு வரியமா உந்தப் பாடத்தைப் பாக்கிறன். இப்பிடி ஒருத்தரும் செய்யேல்லை. ஒரு ஈர்க்கோட விட்டீரே, அதுதான் படிப்பிக்கிறது. இதில கையெழுத்து வையும்."

அவள் வைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"ஏன் இப்ப எழுதினீர்? ஒரு மாசம் பொறுத்திருக்கலாமே."

"அவர் பொறுக்க முடியாம கெடந்தாரு சேர்."

"ஓம்," என்றார் அவர். "நான் கண்ட பாடத்துக்கு நான் புள்ளி போட்டுத்தான் ஆகவேணும். அது என்ர வேலை. அதுக்கு மேல என்ன செய்யினமெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை," என்று சொல்லித் தானே கையெழுத்திட்டார். போகும்போது அவளிடம் விடைபெற மறந்து போனார்.

பதினாறு நாளில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பீடாதிபதி கடுமையாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளுடைய கோப்பு முழுவதையும் வாசித்திருந்தார். புள்ளிகள் எல்லாம் நன்றாயிருக்கின்றன என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் அனுமதியின்போதே தகைமை இருக்கவில்லை; அனுமதி செல்லாதென்றால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் செல்லாது; இதை மாற்றும் அதிகாரம் தனக்கில்லை என்றார். கணவர் இறந்துவிட்டார் என்று அவள் சொன்னாள். பீடாதிபதி கோப்பை மூடினார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்.

அழகையா அமைச்சுக்கு மேன்முறையீடு எழுத வைத்தார். கொழும்புக்கு இரண்டு தடவை போனார். ஒருமுறை காலை முழுவதும் காத்திருந்து ஒரு அலுவலக லிகிதரைக் கண்டார். கோப்பு மேலே போயிருக்கிறது என்று சொல்லப்பட்டது. பதில் வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான வர்த்தமானி வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து தாண்டியிருந்தது. அதை அவள் வாசிக்கவும் இல்லை.

யாராவது மகளைப் பற்றிக் கேட்டால் அழகையா, "நான்தான் சும்மா ஒரு கையெழுத்துன்னு சொன்னேன்," என்பார். கேட்டவருக்கு விளங்குவதில்லை. சுப்பம்மா மாதமொருமுறை மடுல்கெல்லவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஞானேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

பாடசாலையில் அவள் விட்டு வந்த பொருட்களை எடுத்துப் போகும்படி அதிபர் பல தடவை ஆள் விட்டிருந்தார். ஒரு நாள் போனாள். தரம் இரண்டில் புதிய கட்டுறுப் பயிலுநர் ஒருத்தி வந்திருந்தாள். றம்ஸியா, தெல்தோட்டைக் கடைவீதியிலிருந்து வருகிறவள். இருபத்துநாலு வயதிருக்கும். வந்து மூன்று வாரம்தான். வகுப்பைப் பிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்கதானே போன வருசம் இருந்தது? எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாங்களே."

பிள்ளைகள் மாறியிருந்தார்கள், பழையவர்கள் மூன்றாம் தரத்துக்குப் போய்விட்டார்கள். லோஜினியைத் தாய் வந்து வேறெங்கோ கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஆனாலும் ஞானேஸ்வரி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். பாடக் குறிப்பை எப்படிச் சுருக்கமாக எழுதுவது, பிரதிபலிப்புக் குறிப்பேட்டை வார இறுதிக்குத் தள்ளிவிடக் கூடாது, மழை நாளில் கூரை ஒழுகும் பக்கத்துப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது, விரிவுரையாளர் வரும் நாளில் கரும்பலகையைப் பார்த்து நிற்காமல் பிள்ளைகளைப் பார்த்து நிற்பது. றம்ஸியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரம் போயிற்று.

"நீங்க இவ்வளவு வடிவாச் சொல்றீங்க," என்றாள் றம்ஸியா. "ஒங்களுக்கு எந்த ஸ்கூலுக்கு நியமனம் கெடச்சிருக்கு மிஸ்?"

ஞானேஸ்வரி தன் பழைய குறிப்பேடுகளை அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"கெடைக்கல," என்றாள்.

"இன்னும் லிஸ்ட் வரல்லயா?"

"வந்துருச்சி. நீங்க வகுப்புக்குப் போங்க, புள்ளைங்க சத்தம் போடுதுங்க."

றம்ஸியா எழுந்து ஓடினாள். ஞானேஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி இறங்கினாள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் அவள் நடந்தே போகத் தொடங்கினாள்.